செயலியை நீக்கினாலும் பணம் போவது ஏன்?

மெகா தொடர் பார்க்க ஒரு செயலி. முதல் வாரத்துக்கு ஒரே ஒரு ரூபாய். ஜிபேயிலோ போன்பேயிலோ பின் நம்பரைப் போட்டதும் தொடர் ஓட ஆரம்பிக்கிறது. நாலு நாளில் அலுத்துப்போய்ச் செயலியை அழித்துவிடுகிறோம். எட்டாம் நாள் வங்கிக் கணக்கிலிருந்து 199 ரூபாய் போயிருக்கிறது.

அன்று பின் போட்டபோது ஒரு ரூபாய் மட்டும் கொடுக்கவில்லை. இந்த நிறுவனம், இந்தத் தொகை வரை, மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்கு அனுமதியும் கொடுத்தோம். அதே திரையில் உச்சத் தொகையும் முடிவுத் தேதியும் இருந்தன. கண்ணில் பட்டது ஒரு ரூபாய்தான். 2020இல் வந்த யுபிஐ ஆட்டோபே வசதி இப்படித்தான் இயங்குகிறது. அந்த அனுமதி தொடர் செயலிக்குள் இல்லை. அதனால் செயலியை நீக்கினாலும் அனுமதி அப்படியே இருக்கும்.

ரத்து செய்ய வேண்டிய இடம், அனுமதி கொடுத்த பணச் செயலி. அதில் உங்கள் சுயவிவரப் படத்தைத் தொட்டால் Autopay என்ற பகுதி வரும். நடப்பில் உள்ள அனுமதிகள் அங்கே வரிசையாக இருக்கும். உரியதைத் திறந்து, ரத்து செய்வதற்கான பொத்தானை அழுத்துங்கள். அப்போது மறுபடி பின் கேட்கும். ‘பின் போட்டால் பணம் போய்விடுமோ’ என்று பயந்து பலர் இந்த இடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அனுமதி ரத்தாகாமலே நின்றுவிடுகிறது. திரையில் இருப்பது ரத்துக் கோரிக்கைதானா என்று பார்த்துவிட்டுப் பின்னைப் போடலாம். ‘தற்காலிக நிறுத்தம்’ வேறு. அதில் அனுமதி உயிரோடுதான் இருக்கும்.

பட்டியலில் அந்தச் செயலியின் பெயரே இல்லையா? ப்ளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டியிருந்தால், அனுமதி Google Play என்ற பெயரில் இருக்கும். அப்போது ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குப் போய் அந்தச் சந்தாவை மட்டும் நிறுத்துவது நல்லது. பட்டியலிலேயே அனுமதியை வெட்டினால், அதே வழியில் பணம் போகும் மற்ற சந்தாக்களும் தடைபடலாம். டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்துத் தொடங்கிய சந்தா யுபிஐ பட்டியலில் வராது. அதை வங்கியிடமோ நிறுவனத்திடமோதான் நிறுத்த வேண்டும்.

தவணைக் கடனுக்கான ஆட்டோபேயை ரத்து செய்தால் பணம் எடுப்பதுதான் நிற்கும், கடன் நிற்காது. தேதி தவறினால் அபராதம் சேரும்.

பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடும் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் அதுவும் கிடக்கும். அதைப் பார்த்த அன்றே ரத்து செய்தால் அந்த மாதத்துத் தொகை தப்பும். ஏற்கெனவே போன பணத்தை ரத்து திருப்பித் தராது. அதை நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.