ஸ்மார்ட் போர்டு கேட்டார்கள், வினாத்தாள் வேறு சொன்னது

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியின் முதல்வர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர்களிடம் எடுத்த சர்வேயின் முடிவை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். முப்பது ஆசிரியர்களும் பதில் போட்டிருந்தார்கள். முதலிடம் ஸ்மார்ட் போர்டு பயிற்சிக்கு, இரண்டாவது ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதற்கு, மூன்றாவது மன அழுத்தத்தைச் சமாளிப்பதற்கு. "மூணுக்கும் ஆள் பார்த்துட்டேன் சார். ரிப்போர்ட்டை மட்டும் நீங்க எழுதிக் கொடுத்தா போதும்" என்றார்.

சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொன்ன கணக்கு அது. அதில் 25 மணி நேரம் வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்தும் வகுப்புகள். மீதி 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள்ளேயே, அல்லது அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து நடத்திக்கொள்ளலாம். எதைச் சொல்லித் தருவது என்று பள்ளியே முடிவு செய்யும் இடம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதிதான். அந்த முடிவுக்காக எடுக்கிற கணக்கெடுப்புக்குத்தான் பயிற்சித் தேவை ஆய்வு என்று பெயர்.

அந்தப் பள்ளியின் படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: கீழே உள்ள இருபது தலைப்புகளில் உங்களுக்கு வேண்டிய ஐந்தை டிக் செய்யவும். ஓட்டலில் மெனு கார்டை நீட்டுகிற மாதிரி. மெனு கார்டை வைத்து ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லிவிடலாம், உடம்பில் என்ன சத்து குறைகிறது என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, பதில் எழுதுகிறவரின் மின்னஞ்சல் தானாகப் பதிவாகும்படி படிவம் அமைக்கப்பட்டிருந்தது. இன்கிரிமென்ட் பேசப்படும் நேரத்தில் முதல்வர் பார்க்கப்போகிற தாளில், "எனக்குப் பாடம் நடத்துவதில் இந்த இடம் தெரியவில்லை" என்று யார் எழுதுவார்? ஸ்மார்ட் போர்டு தெரியாது என்று எழுதினால் யாருக்கும் மானம் போகாது. அதனால் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது.

முதல்வரிடம் மூன்று வாரம் கேட்டேன். படிவத்தை மாற்றினோம். தலைப்புகளை எடுத்துவிட்டு, ஆசிரியர் அன்றாடம் செய்கிற வேலைகளைப் பன்னிரண்டு வரியாக எழுதினோம். "வேகமாகப் படிக்கும் பிள்ளையும் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும்போது இருவருக்கும் வேலை கொடுப்பது", "தேர்வுக்கு வினாத்தாள் எடுப்பது" என்பது போல. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மதிப்பெண், ஒன்றிலிருந்து ஐந்து வரை. என் வகுப்புக்கு இது எவ்வளவு முக்கியம்? இப்போது என்னால் எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது? முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது இடைவெளி. முக்கியமே இல்லாத ஒன்று தெரியாமல் இருப்பது இந்தக் கழித்தலில் அடிபட்டுப் போகும்.

பெயரும் மின்னஞ்சலும் வேண்டாம் என்றதோடு விடவில்லை. பாடம், அனுபவ ஆண்டுகள், வகுப்பு மூன்றையும் கேட்டால் பெயரைக் கேட்டதற்குச் சமம். பதினைந்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள வேதியியல் ஆசிரியர் அந்தப் பள்ளியில் ஒருவர்தான். எனவே தொடக்கநிலையா, ஆறாம் வகுப்புக்கு மேலா என்று மட்டும் கேட்டோம்.

பதில்கள் வந்தன. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அப்போதும் ஏமாந்திருப்போம். ஸ்மார்ட் போர்டின் இடைவெளி 1.2. இருவேறு வேகத்தில் படிக்கும் பிள்ளைகளைக் கவனிப்பது 0.9தான், பட்டியலில் ஆறாவது இடம். பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. தொடக்கநிலை ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரின் சராசரி இடைவெளி அந்த வரியில் 2. மற்ற பதினெட்டுப் பேருக்கு 0.2. இரண்டையும் கலந்ததால்தான் 0.9. ஒரு பக்கம் தலைபோகிற பிரச்சினை, மறுபக்கம் பிரச்சினையே இல்லை. எல்லோரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து ஒரே பயிற்சி கொடுக்கும் பழக்கத்துக்கு இந்தச் சராசரிதான் சாக்காக இருந்து வருகிறது.

வினாத்தாள் எடுப்பதில் இடைவெளி பூஜ்யம். எல்லோரும் முக்கியத்துக்கு ஐந்து, திறமைக்கும் ஐந்து போட்டிருந்தார்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பாதி மதிப்பெண்ணுக்குத் திறன் சார்ந்த வினாக்கள் வேண்டும் என்று வாரியம் சொல்கிறது. பதினொன்று, பன்னிரண்டிலும் 2024-25இல் அதை 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. அதாவது, படித்ததை ஒப்பிக்கச் சொல்லாமல், புதிய சூழலில் பயன்படுத்தச் சொல்லும் கேள்விகள். இவ்வளவு பெரிய மாற்றத்தில் ஒருவருக்குமா இடறவில்லை?

தன்னைத்தானே மதிப்பிடச் சொல்லும் எந்தச் சர்வேயிலும் இந்தப் பள்ளம் இருக்கும். தெரியாது என்பதே தெரியாதபோது, ஐந்து போடுவது பொய் அல்ல. அதற்கு மருந்து, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய வேறொரு சாட்சி. டிசம்பரில் நடந்த அரையாண்டுத் தேர்வின் வினாத்தாள்கள் அலமாரியில் இருந்தன. பத்தை எடுத்தோம். ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு, நானும் கோ-ஆர்டினேட்டரும் தனித்தனியாக ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் குறி போட்டோம். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வி அப்படியே வந்தால் 'நே', எண்ணையோ பெயரையோ மாற்றியிருந்தால் 'மா', பிள்ளை புதிதாக யோசிக்க வேண்டியிருந்தால் 'பு'. பிறகு இரண்டு தாளையும் ஒப்பிட்டு, குறி மாறிய இடங்களை மட்டும் பேசித் தீர்த்தோம். எட்டாம் வகுப்பு அறிவியலில் முப்பது கேள்விகள். 24 'நே', 4 'மா', 2 'பு'. மற்ற தாள்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

அந்த அறிவியல் ஆசிரியையிடம் முதல்வர் வழியாகப் போகாமல் நானே ஸ்டாஃப் ரூமில் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "இருபது வருஷமா கேள்வித்தாள் எடுக்கறேன் சார். எனக்கு எடுக்கத் தெரியாதுன்னு எப்படி டிக் பண்றது?" என்றார். ஒரு தாளை எடுத்து எழுதினேன்: ஜன்னலோரம் வைத்த செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. தொட்டியைத் திருப்பி வைத்தால் சில நாளில் என்ன ஆகும், ஏன்? படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டார். அப்போது அந்தக் கேள்வியின் எடை எனக்குப் புரியவில்லை.

இனி ஸ்மார்ட் போர்டு. ராபர்ட் மேகர், பீட்டர் பைப் என்ற இருவர் 1970இல், ஒருவர் வேலையைச் சரியாகச் செய்யாததற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் ஒரு முரட்டுக் கேள்வி உண்டு. செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்றால் அவர் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்குத் தேவை பயிற்சி அல்ல. ஏழாம் வகுப்பு அறையில் போய்ப் பார்த்தேன். போர்டில் பேனாவை வைத்தால், வைத்த இடத்துக்கு நாலு விரல் தள்ளிக் கோடு விழுந்தது. பதினாறு அறைகளில் பதினொன்றில் இதே கதி. தொடுதலை அளவு சரிசெய்ய சர்வீஸ்காரருக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகும் உதவி வேண்டும் என்றவர்கள் நாலு பேர். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஆசிரியர் மதிய இடைவேளையில் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

மன அழுத்தமும் அப்படியே. சிலருக்கு வாரத்தில் ஐந்து பீரியட் வரை சப்ஸ்டிடியூஷன் போயிருந்தது. கிடைக்கவேண்டிய ஓய்வு பீரியட் கிடைக்காதவரிடம் போய் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது, என் கருத்தில், அவரைக் கேலி செய்வது. ரிப்போர்ட்டில் 'பயிற்சியால் தீராதவை' என்று ஒரு பக்கம் தனியாக வைத்து, டைம்டேபிளை அதில் முதலாவதாக எழுதினோம். கரஸ்பாண்டென்ட்டுக்குப் பிடிக்காத பக்கம் அதுதான். ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

ரிப்போர்ட் மொத்தம் ஐந்து பக்கம். யாரிடம் என்ன கேட்டோம், எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பது அரைப் பக்கம். உதாரணமாக, விளையாட்டு ஆசிரியரின் வகுப்பை நாங்கள் பார்க்கவே இல்லை, அதையும் எழுதினோம். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் எண்ணையும் தனியாகக் காட்டவில்லை. வினாத்தாள் கணக்கில் பத்தின் மொத்தத்தை மட்டும் கொடுத்தோம். எட்டாம் வகுப்பு அறிவியல் என்று எழுதினால் அது ஒருவர் மேல் விரல் நீட்டுவதாகிவிடும்.

நேரத்தைப் பங்கு போடுவதில்தான் அதிகம் பேச்சு நடந்தது. உள்ளே நடத்தும் 25 மணியில் 12 மணி இரண்டு பிரிவாக. ஆறாம் வகுப்புக்கு மேலே இருப்பவர்களுக்கு வினா எடுப்பது, தொடக்கநிலையில் வாசிப்பு மட்டத்துக்கு ஏற்றபடி பிள்ளைகளைக் குழுவாக்கி வேலை கொடுப்பது. ஜூன் முதல் நவம்பர் வரை மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். கோடையில் இரண்டு நாளில் முடித்துவிடலாமே என்றார் முதல்வர். கேட்பதும் செய்துகாட்டுவதைப் பார்ப்பதும் போதாது, வகுப்பில் செய்து பார்த்து அதைச் சக ஆசிரியர் பார்த்துச் சொன்னால்தான் கைவரும் என்பதை புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980லேயே எழுதிவிட்டார்கள். எங்கள் சனிக்கிழமைகளின் விதி ஒன்றுதான்: ஒவ்வொருவரும் அடுத்த தேர்வுக்கான மூன்று கேள்வியோடு வர வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அதற்கு விடை எழுதிப் பார்க்க வேண்டும். கேள்வியில் ஓட்டை இருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குழந்தைப் பாதுகாப்பு போன்ற பொதுவான விஷயங்களுக்கு 5 மணி. மீதி 8 மணியைக் காலியாக விட்டோம். "பணம் கொடுத்து ரிப்போர்ட் வாங்கறேன், எட்டு மணி நேரம் வெறுமனே இருக்கே?" என்றார் கரஸ்பாண்டென்ட். வருஷ நடுவில் ஏதாவது வரும் என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பலன் தெரிவதற்கு ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி எழுதியிருந்தோம்: அடுத்த அரையாண்டில் அதே இருவர் அதே குறிகளோடு வினாத்தாள்களை எண்ண வேண்டும், 'நே' பாதிக்கு மேல் போகக் கூடாது. பயிற்சி முடிந்ததும் வாங்கும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" படிவத்தை இதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை என்றும் எழுதினோம்.

அரையாண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் அறிவியல் ஆசிரியையிடமிருந்து போன். ஜன்னலோரச் செடியைக் கேள்வித்தாளில் போட்டிருக்கிறார். ஒரு பிள்ளை "செடி மறுபடி ஜன்னல் பக்கம் சாயும், அங்கேதான் வெளிச்சம்" என்று எழுதியிருக்கிறான். இன்னொருத்தி, தண்டின் இருட்டான பக்கம் வேகமாக வளர்வதால் வளைகிறது என்று எழுதிவிட்டு எந்தப் பக்கம் என்பதை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். மூன்று மதிப்பெண் கேள்வி. யாருக்கு எத்தனை? ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் நாலு மாதிரி மதிப்பெண் போட்டார்களாம்.

சர்வேயின் பன்னிரண்டு வரியில் 'விடை திருத்துவது' என்று ஒரு வரியே இல்லை. நாங்கள் அதைக் கேட்க நினைக்கவே இல்லை. காலியாக இருந்த எட்டு மணியில் நாலு மணி, அக்டோபர் இரண்டு சனிக்கிழமைகளில், அதற்குப் போனது.