குறைமாதக் குழந்தைக்கு காஃபின்

29 வாரத்தில் பிறந்த குழந்தை, எடை 1.2 கிலோ. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மூச்சு நின்றுவிடுகிறது. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, அதற்குள்ளேயே இதயத்துடிப்பும் ஆக்சிஜனும் இறங்கினாலோ அலாரம் அடிக்கிறது. செவிலியர் உள்ளங்காலை லேசாகத் தேய்த்ததும் மூச்சு திரும்புகிறது. மூச்சை நடத்தும் மூளைப்பகுதி இன்னும் முதிராததுதான் காரணம்.

இதற்குத் தரப்படும் முதன்மையான மருந்து, காபியில் இருக்கும் அதே காஃபின். மூளையில் அடினோசின் என்ற பொருள் மூச்சைத் தணிக்கிறது. காஃபின் அதைத் தடுக்கிறது. ஆனால் இது அளந்து செய்த, கிருமி நீக்கிய மருந்து. வீட்டுக் காபியை ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.

முதலில் ஏற்றும் அளவு: கிலோவுக்கு 20 மி.கி. காஃபின் சிட்ரேட். இந்தக் குழந்தைக்கு 24 மி.கி., அரை மணி நேரத்தில் நரம்பு வழியே மெதுவாக. 24 மணி நேரம் கழித்துப் பராமரிப்பு அளவு தொடங்கும். அது கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி.; இந்தக் குழந்தைக்கு 6 மி.கி.யில் ஆரம்பிக்கலாம். நாளுக்கு ஒரு வேளையே போதும். பெரியவர் உடலில் சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகக் குறையும் காஃபின், இந்தப் பிஞ்சு உடலில் பாதியாகவே மூன்று, நான்கு நாளாகும்.

அளவு கூடிவிட்டால் ஆபத்து நீடிப்பதும் அதனால்தான். முதலில் இதயம் வேகமெடுக்கும். துடிப்பு நிமிடத்துக்கு 180-ஐத் தாண்டி நின்றால் பல மருத்துவமனைகளில் அடுத்த வேளையை நிறுத்திவைப்பார்கள். குழந்தை நடுங்கும், சிணுங்கும், தூங்காது, பாலைக் கக்கும். ரத்தச் சர்க்கரை ஏறலாம். மிகையானால் வலிப்பு வரும்.

என் பார்வையில் அதிகம் அஞ்ச வேண்டியது ஒரு கணக்குப் பிழை. 20 மி.கி. சிட்ரேட்டில் உள்ள காஃபின் 10 மி.கி. மட்டுமே. எழுதியவர் 24 மி.கி. என்று சிட்ரேட்டைக் குறிக்க, எடுப்பவர் அதைக் காஃபின் என்று எண்ணினால் இரு மடங்கு மருந்து ஏறிவிடும். மருந்துச் சீட்டில் 'சிட்ரேட்' என்று எழுதியே தீர வேண்டும். இருவர் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

2006-இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில், காஃபின் பெற்ற குழந்தைகளிடம் நாள்பட்ட நுரையீரல் நோய் குறைந்திருந்தது. முதல் சில வாரங்களில் எடை ஏற்றம் மட்டும் சற்று மெதுவாக இருந்தது.

காஃபின் ஏறிய பிறகும், அடங்கியிருந்த மூச்சு நிற்றல் மறுபடி தலைகாட்டினால் மருந்தைக் கூட்டுவதோடு நிறுத்திவிட முடியாது. கிருமித்தொற்றையும் தேடியாக வேண்டும். பெரும்பாலும் 34 வாரத்தை ஒட்டி மருந்தை நிறுத்துவார்கள். உடலில் மிச்சமிருப்பது கரையும் வரை, ஐந்து முதல் ஏழு நாள் குழந்தையைக் கண்காணித்த பின்பே வீட்டுக்கு அனுப்புவார்கள்.