பழைய பை தீரும் நாள் (தொடர் 7)

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய குடும்ப வியாபாரம் ஒன்று பெயரையோ சின்னத்தையோ மாற்றும்போது, முதலில் கண்ணில் படுவது கடை வாசல் பெயர்ப் பலகை. ஆனால் வேலையின் கால அட்டவணையைத் தீர்மானிப்பது பலகை அல்ல, களஞ்சியத்தில் கிடக்கும் அச்சடித்த பைகள்தான்.

சுன்னாகத்தில் மூன்று தலைமுறையாக மிளகாய்த்தூளும் கோப்பித்தூளும் அரைத்து விற்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். பைச் சுருள்களின் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை செதுக்க வேண்டும். அதனால் அச்சகங்கள் சிறு தொகைக்கு வேலை எடுப்பதில்லை. ஒரு தடவை அச்சிட்டால் பல மாதங்களுக்கு இருக்கும். ஆலையில் 40,000 பழைய பைகள் மிச்சமிருந்து, நாளொன்றுக்கு 500 பைகள் போனால், தீர 80 நாட்கள். புதிய உருளை செதுக்குவதும் அச்சிடுவதும் அந்த 80 நாட்களுக்குள் முடிய வேண்டும். பலகைக்காரருக்குச் சொல்லும் தேதி அதற்குப் பிறகுதான் வரும். பலகையை முதலில் மாற்றிவிட்டுப் பைக்குக் காத்திருக்கும் கடைகளில், வாசலில் ஒரு பெயரும் தட்டில் இன்னொரு பெயருமாக மாதக்கணக்கில் நிற்கும்.

எதை மாற்றாமல் விடுவது என்பதுதான் பையில் உண்மையான கேள்வி. ஊர்க் கடைகளில் பலர் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. “அந்தச் சிவப்புப் பைக்கற்” என்றுதான் கேட்கிறார்கள். 2009 தொடக்கத்தில் அமெரிக்காவில் பெப்சிகோ நிறுவனம் தன் ட்ரொபிக்கானா தோடம்பழச் சாற்றின் பெட்டியை மாற்றியது. உறிஞ்சுகுழல் குத்திய பழத்தின் படம் போய், சாறு நிறைந்த கண்ணாடிக் குவளை வந்தது. சாறு அதேதான். ஆனால் வழக்கமாக வாங்கியவர்களுக்குத் தட்டில் அதை அடையாளம் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 வீதம் சரிய, பழைய பெட்டியே திரும்பி வந்தது. சுன்னாகத்து ஆலைக்கும் இது பொருந்தும். பெயர் மாறலாம், அதே தடவையில் சிவப்பும் போகக் கூடாது. புதிய பெயருக்குக் கீழே பழைய பெயரைச் சிறிய எழுத்தில் ஓர் ஆண்டாவது வைத்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாங்குபவர்கள் புதிய பையைப் போலி என்றே நினைப்பார்கள். கப்பலில் போன பழைய சரக்கு அங்கே பக்கத்துத் தட்டிலேயே இருக்கும்.

பலருக்கும் தப்பிப்போவது பட்டைக்குறி. இலங்கையில் வழங்கப்படும் எண்கள் 479 என்று தொடங்கும். பொருளின் முதன்மைப் பெயர் மாறினால் புதிய எண் வேண்டும் என்பது உலகப் பட்டைக்குறி அமைப்பின் விதி. பெருங்கடைகளின் கணினியில் அந்த எண் பதிவாகுமுன் பை போய்ச் சேர்ந்தால், காசாளரின் இயந்திரம் அதை ஏற்காது. பழைய சரக்கு முடியும்வரை பழைய எண்ணையும் விட்டுவைக்க வேண்டும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தாலே அந்தப் பெயர் தமக்குச் சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். அது வேறு, வியாபாரக் குறி வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குறியைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவு 10 ஆண்டுக்கு, பின் புதுப்பிக்கலாம். இதே பெயர் வேறொருவரிடம் இருக்கிறதா என்ற தேடலை உருளை செதுக்குமுன் செய்துவிட வேண்டும். செதுக்கிய பின் தெரியவந்தால் அந்தச் செலவு மண்ணோடு போகும்.

வாடிக்கையாளருக்குச் சேதி சொல்வது இங்கே புதிதல்ல. மில்க்வைற் சவர்க்காரத் தொழிற்சாலை ‘மில்க்வைற் செய்தி’ என்று ஓர் இதழே நடத்தியது. இன்று அந்த வேலை குறுஞ்செய்திக்கு வந்திருக்கிறது; அதில் தமிழுக்கு இடம் குறைவு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடங்கள், தமிழில் 70. அந்த 70இலும் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும்: ‘சுன்னாகம்’ பார்வைக்கு ஐந்து எழுத்து, கணக்கில் ஒன்பது. 70ஐத் தாண்டினால் செய்தி 67, 67 ஆகப் பிரிந்து ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் ஏறும். “பெயர் மட்டும் புதியது. அதே ஆலை, அதே தூள்.” இதற்கு 41 இடங்கள், மிச்சம் 29இல் புதிய பெயர் அடங்கிவிடும். அனுப்புநர் பெயரோ ஆங்கில எழுத்தில் 11 இடங்களுக்குள்தான். முதல் செய்தி பழைய அனுப்புநர் பெயரிலேயே போக வேண்டும். அறிமுகமில்லாத பெயரில் வருவதைத் திறவாமலே அழித்துவிடுவார்கள்.

பலகை வேலை ஒரு நாளில் முடியும். ஆலையின் சொந்தப் பலகையைவிடத் தொல்லை தருவது, காங்கேசன்துறை வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் சில்லறைக் கடைகளுக்கு ஆலையே எழுதிக்கொடுத்த பலகைகள். கணக்கெடுக்காவிட்டால் அவை பழைய பெயரோடு வருடக்கணக்கில் நிற்கும். சரக்கு லொறி போகும் வழியிலேயே அவற்றைப் படமெடுத்துப் பட்டியலிட்டு, அதே லொறியில் புதியதை அனுப்புவது சிக்கனம். கடற்காற்றில் இரும்புச் சட்டம் துருப்பிடிப்பதால், பழைய சட்டத்தைப் பார்க்காமல் அதன்மேல் புதிய தகட்டை அடிக்கக் கூடாது.

மாற்றம் எடுபட்டதா என்பதை நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் பார்க்க முடியாது. அப்போது எல்லாம் விற்கும். புதிய பை போன கடைகளையும் இன்னும் பழைய பை விற்கும் கடைகளையும் சாதாரண மாதமொன்றில் பக்கம் பக்கமாக வைத்து, எந்தக் கடை எத்தனை நாளில் மறுபடி சரக்குக் கேட்டது என்று பார்க்க வேண்டும். புதிய பை வைத்த கடைகள் மட்டும் தாமதித்தால், அடுத்த அச்சில் பழைய பெயரின் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.