800 கேவிஏ போதுமா?

ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று. ஏசி, லிஃப்ட், விளக்கு, கணினி எல்லாவற்றையும் கூட்டினால் 900 கிலோவாட். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடுவதில்லை. உச்ச நேரத்தில் 60 சதவீதம், அதாவது 540 கிலோவாட் என்று கொள்ளலாம். பவர் ஃபேக்டர் 0.9 என்றால் 600 கேவிஏ. வருங்கால வளர்ச்சிக்கு 20 சதவீதம் சேர்த்தால் 720.

800 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் தாராளம் என்று தோன்றும். இங்கேதான் கணக்கு சறுக்குகிறது.

கணினி, யூபிஎஸ், எல்இடி போன்றவை மின்சாரத்தைச் சீரான அலையாக இழுப்பதில்லை. அதனால் எழும் ஹார்மோனிக்குகள் சுருள்களில் சுழல் மின்னோட்ட இழப்பைப் பெருக்குகின்றன. ஐந்தாம் ஹார்மோனிக் 20 சதவீதம் இருந்தாலே அந்த இழப்பு இரட்டிப்பாகும். அம்மீட்டர் அளவுக்குள்தான் காட்டும், சுருளோ அதிகமாகச் சூடேறும். இதற்காக 15 சதவீதம் கழித்தால் 800இல் மிஞ்சுவது 680தான். 1000 கேவிஏ வாங்கினால் 850 கிடைக்கும்.