விடுப்புக் கடிதத்தில் திரும்பும் தேதி

மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் வழியாகப் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கிடைத்திருக்கிறது. பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் உள்ள பெற்றோருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓராண்டோ அதற்கு மேலோ அமெரிக்காவுக்கு வெளியே தங்கிவிட்டால், திரும்ப நுழைய அந்த அட்டை மட்டும் போதாது. மறுநுழைவு அனுமதி தேவை. அதற்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டில் இருக்க வேண்டும். பின்னர் கைரேகைப் பதிவுக்கு அழைப்பு வந்தால், அதற்கும் அங்குள்ள மையத்துக்கே நேரில் செல்ல வேண்டும்.

மாட்டுங்காப் பள்ளி ஒன்றின் ஆசிரியை கோடை விடுமுறையில் நியூஜெர்சிக்குச் சென்று விண்ணப்பித்துவிட்டு, ஜூன் முதல் வாரம் மும்பை திரும்பிவிட்டார் என்று கொள்வோம். அவர் வந்த பின், கைரேகைப் பதிவு ஜூன் 18 என்ற அறிவிப்பு மகள் வீட்டு முகவரிக்குச் சென்று சேர்கிறது. பள்ளி திறக்கும் வாரம் அது. மையத்தில் ஆகும் நேரம் குறைவுதான். ஆயினும் பயணத்தையும் சேர்த்தால் ஒரு வாரம் போய்விடும். இந்நிலையில் பலர் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிவிடுகின்றனர். தலைமையாசிரியருக்கு அது தள்ளிப்போடத்தக்க விடுப்பாகவே தோன்றும். மறுபுறம், மகளின் திருமணத்திலிருந்து தொடங்கி இரண்டு பக்கம் எழுதுபவர்களும் உண்டு. படிப்பவர் மனத்தில் அதனால் எழும் கேள்வி ஒன்றே: இவர் வேலையை விட்டுச் செல்லப்போகிறாரா?

பின்வரும் அளவு போதும்:

“ஐயா, அமெரிக்கக் குடிவரவுத் துறை, 2026 ஜூன் 18 அன்று நியூஜெர்சியில் கைரேகைப் பதிவுக்கு நேரில் வருமாறு என்னை அழைத்துள்ளது. அன்று செல்லத் தவறினால் என் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். ஆகவே ஜூன் 16 முதல் 20 வரை 5 நாள் ஈட்டிய விடுப்பு வழங்க வேண்டுகிறேன். ஜூன் 22 திங்களன்று பணிக்குத் திரும்புவேன். அந்நாட்களில் என் வகுப்புகளை எடுக்க உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் இசைந்துள்ளார். அழைப்பின் நகலை இணைத்துள்ளேன்.”

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வரிசையே பொருந்தும். தேதியைக் குறித்தவர் தாம் அல்லர், அயல்நாட்டு அலுவலகம் என்பதை முதல் வாக்கியமே கூறிவிடுகிறது. தேதியை ‘மாற்றவே இயலாது’ என்று எழுதாததும் கவனிக்கத்தக்கது. தக்க காரணத்துடன் முன்னதாகவே மாற்றம் கோர வழியிருக்கிறது. மேலதிகாரி அதை அறிந்தவராக இருந்தால், மிகைப்படுத்திய ஒரு சொல் முழுக் கடிதத்தையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். இணைக்கும் நகலில் பெயர், தேதி, இடம் ஆகியவை தெரிந்தால் போதும். விண்ணப்ப எண்ணையும் அந்நாட்டுப் பதிவு எண்ணையும் மறைத்துவிடலாம். கணக்கு எண்ணைப் போலவே இவையும் பல கைகளுக்குப் போகத் தேவையில்லை.

கைரேகைப் பதிவில் கடவுச்சீட்டு நம்மிடமே இருக்கும். ‘ஜூன் 22 அன்று திரும்புவேன்’ என உறுதியாக எழுத முடிந்தது அதனால்தான். விசா நேர்காணல் அப்படிப்பட்டதன்று. 2023இல் இந்தியாவில் அமெரிக்கப் பயணி விசாவுக்கான காத்திருப்பு மிக நீண்டிருந்தபோது, தாய்லாந்துக்குச் செல்லும் இந்தியர்கள் பாங்காக் தூதரகத்தில் நேர்காணலுக்குப் பதியலாம் என அமெரிக்கத் தூதரகமே தெரிவித்தது. இங்கிருந்தும் சிலர் சென்றனர். விசா ஒப்புதலானால் அதை ஒட்டுவதற்காகக் கடவுச்சீட்டைத் தூதரகம் வைத்துக்கொள்ளும். அது கைக்கு வரும்வரை தாயகம் திரும்ப இயலாது. கூடுதல் ஆய்வு என்று நிறுத்தப்பட்டால் எத்தனை நாளாகும் என்பதை எவரும் கூற முடியாது. நேர்காணல் நாளையும் பயண நாட்களையும் மட்டும் கணக்கிட்டு மூன்று நாள் விடுப்பு எழுதிச் சென்றவர், நான்காம் நாள் விடுதி அறையிலிருந்து அலுவலகத்துக்கு விளக்கம் எழுத நேரிடும்.

அத்தகைய நேர்காணலுக்கு எழுதும் கடிதத்தில் திரும்பும் தேதியை உறுதியளிக்கக் கூடாது என்பதே என் கருத்து. “நேர்காணல் 9ஆம் தேதி. 8 முதல் 15 வரை விடுப்பு வேண்டுகிறேன். கடவுச்சீட்டு திரும்பக் கிடைப்பதில் தாமதமானால் 13ஆம் தேதிக்குள் தெரிவித்து, விடுப்பை நீட்டிக்க வேண்டுவேன்” என்பது நேர்மையான வாசகம். கெடு நாளும் அதிலேயே இருப்பதால், மாற்று ஏற்பாடு செய்ய அலுவலகத்துக்கும் நேரம் கிடைக்கிறது.

2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பின்படி, இத்தகைய அமெரிக்க விசாக்களுக்கு அவரவர் குடியுரிமை பெற்ற நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ நேர்காணலுக்குப் பதிய வேண்டும். ஆகவே மும்பைவாசிகளுக்குப் பெரும்பாலும் பாந்த்ரா குர்லா வளாகத் துணைத் தூதரகமே உரிய இடம். கைரேகைப் பதிவு வேறொரு மையத்தில், வழக்கமாக முந்திய நாளில் நடைபெறும். எனவே தாராவியிலிருந்து வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம் என்றாலும், ஒரு நாள் விடுப்பு போதாமல் போகலாம்.

மத்திய, மாநில அரசுப் பணியிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் இருப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே விடுப்பு வேறு, வெளிநாடு செல்லும் அனுமதி வேறு. விடுப்பு ஒப்புதலானதும் பயணச்சீட்டு வாங்கிவிட்டு, அனுமதிக் கோப்பு மேசை மேசையாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் செம்பூரில் பலர். இரண்டையும் ஒரே நாளில், தனித்தனி விண்ணப்பங்களாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் தேதியைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.