மூன்று அரைச்சுழற்சிகள், ஆறு பெயர்மாற்றங்கள்

ஒரு செங்கல்லை மேசைமேல் வையுங்கள். அதற்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறு. அதன் மையத்தின் வழியே மூன்று அச்சுகள் ஓடுவதாக எண்ணிக்கொள்ளலாம். நீளவாட்டில் ஒன்று, அகலவாட்டில் ஒன்று, மேலிருந்து கீழாக ஒன்று. இவற்றில் எந்த அச்சைப் பிடித்துக்கொண்டு அரைச்சுற்று, அதாவது 180 பாகை, சுழற்றினாலும் செங்கல் முன்பு இருந்த இடத்தையே மீண்டும் நிரப்பும். நடுவில் யாராவது சுழற்றிவிட்டுப் போயிருந்தால், அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கால்சுற்று சுழற்றினால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நீள அச்சைச் சுற்றிய அரைச்சுழற்சியை a என்போம். அகல அச்சைச் சுற்றியது b, உயர அச்சைச் சுற்றியது c. எதுவும் செய்யாமல் விடுவதையும் ஒரு செயலாகக் கணக்கில் சேர்த்து அதற்கு e என்று பெயர் வைப்போம். இந்த நான்கும் சேர்ந்ததுதான் கிளைனின் நான்குறுப்புக் குலம். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபீலிக்ஸ் கிளைன் இருபதுமுகியைப் பற்றி 1884-இல் எழுதிய நூலில் இதற்குப் பெயர் சூட்டினார். ‘நான்கின் குலம்’ என்ற பொருள் தரும் அந்த ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தை வைத்து இன்றும் இதை V என்றே குறிக்கிறார்கள்.

குலத்தில் ‘பெருக்குதல்’ என்றால் ஒரு செயலை அடுத்து இன்னொன்றைச் செய்வது. a செய்துவிட்டு b செய்தால் என்ன ஆகும்? கையில் செங்கல் இல்லாமலேயே இதைக் கணக்கிடலாம். நீள அச்சைச் சுற்றி அரைச்சுற்று சுழற்றும்போது நீளத்திசை அப்படியே இருக்க, மற்ற இரண்டு திசைகளும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகின்றன. ஆகவே a-ஐ (+, −, −) என்று எழுதலாம். அதுபோல b என்பது (−, +, −), c என்பது (−, −, +). ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது என்பது குறிகளை இடத்துக்கு இடம் பெருக்குவதுதான். a-யையும் b-யையும் பெருக்கினால் (−, −, +) வரும். அது c.

இப்படியே முழு அட்டவணையையும் போட்டுப் பார்த்தால், மொத்தக் குலமும் மூன்றே வரிகளில் அடங்கிவிடுவது தெரியும்:

```
e·x = x
x·x = e
x, y வேறுவேறு (இரண்டும் e அல்ல) எனில் x·y = மூன்றாமது
```

மூன்றாவது வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ‘மூன்றாமது’ என்று அது சொல்கிறதே தவிர, எது மூன்றாமது என்று பெயர் சொல்லவில்லை. நீளம், அகலம், உயரம் என்ற வேறுபாடு செங்கல்லில் இருக்கிறது. அந்த வேறுபாட்டின் சுவடு இந்த மூன்று வரிகளில் எங்கும் இல்லை. இந்தக் கட்டுரைக்கு உரிய உண்மை முழுவதும் இந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு குலத்தின் உறுப்புகளுக்குள்ளேயே பெயர்களை மாற்றிப் போடுகிறோம், ஆனாலும் பெருக்கல் அட்டவணை பொய்யாகாமல் நிற்கிறது என்றால், அந்தப் பெயர்மாற்றத்தை ஆட்டோமார்ஃபிசம் என்பார்கள். இன்னும் கறாராகச் சொன்னால், முதலில் பெருக்கிவிட்டுப் பெயர் மாற்றினாலும், முதலில் பெயர் மாற்றிவிட்டுப் பெருக்கினாலும் ஒரே விடை வர வேண்டும். இத்தகைய பெயர்மாற்றங்களை அடுத்தடுத்துச் செய்யலாம், திருப்பவும் செய்யலாம். எனவே அவையும் தமக்குள் ஒரு குலமாகின்றன.

V-க்கு எத்தனை ஆட்டோமார்ஃபிசங்கள்? முதலில், e நகர முடியாது. e-யை e-யால் பெருக்கினால் e-யே வருகிறது. அதன் புதிய பெயருக்கும் அந்தப் பண்பு இருந்தாக வேண்டும். a, b, c மூன்றும் தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டால் e ஆகிவிடுவதால், அந்தத் தகுதி வேறு யாருக்கும் இல்லை. மிச்சம் மூன்று. a-யை அந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதற்கு மூன்று வழி. பிறகு b-க்கு மீதமுள்ள இரண்டு இடங்கள். c-க்குத் தேர்வே இல்லை. c என்பது a-யும் b-யும் பெருக்கிய விடை என்பதால், அந்த இரண்டும் போன இடங்களின் பெருக்கலுக்கே அது போயாக வேண்டும். அதாவது மூன்றாவது இடம். ஆகவே ஆறுக்கு மேல் இருக்க முடியாது.

இந்த ஆறும் செல்லுபடியாகுமா என்பது தனிக் கேள்வி. விடையை அந்த மூன்று வரிகளே தந்துவிடுகின்றன. a, b, c என்ற பெயர்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும், ‘வேறுவேறான இரண்டைப் பெருக்கினால் மூன்றாமது’ என்ற வாக்கியம் அப்படியே உண்மையாக இருக்கும். எனவே மூன்று எழுத்துகளின் ஒவ்வொரு வரிசைமாற்றமும் ஓர் ஆட்டோமார்ஃபிசம். ஒவ்வோர் ஆட்டோமார்ஃபிசமும் மூன்று எழுத்துகளின் ஒரு வரிசைமாற்றம். இரண்டு பெயர்மாற்றங்களை அடுத்தடுத்துச் செய்வதும், அவற்றுக்குரிய வரிசைமாற்றங்களை அடுத்தடுத்துச் செய்வதும் ஒன்றேதான். ஆகையால் V-யின் ஆட்டோமார்ஃபிசக் குலமும், மூன்று எழுத்துகளின் சமச்சீர் குலமான S₃-உம் ஒரே அமைப்புடையவை. கணிதத்தில் இதைத்தான் ஐசோமார்ஃபிக் என்கிறோம்.

ஆறு என்று எண்ணிவிட்டதோடு நின்றால் போதாது. ஆறு உறுப்புகள் கொண்ட இன்னொரு குலமும் உண்டு, 60 பாகை 60 பாகையாகச் சுழலும் அறுகோணத்தின் குலம். அதில் வரிசை முக்கியமில்லை, எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றே. நம்முடையது அப்படியல்ல என்பதைக் கையால் சரிபார்க்கலாம். σ என்பது a-யையும் b-யையும் இடம்மாற்றி c-யை விட்டுவிடட்டும். τ என்பது a-யை b-க்கும், b-யை c-க்கும், c-யை a-க்கும் அனுப்பட்டும். முதலில் σ, பிறகு τ செய்தால் a போய்ச் சேரும் இடம் c. b தன் இடத்திலேயே நிற்கிறது. வரிசையைத் திருப்பி τ முதலில், σ பிறகு என்று செய்தால் a தன் இடத்தில் நிற்க, b-யும் c-யும் மாறிக்கொள்கின்றன. விடைகள் வேறு. V-யில் எதை முதலில் செய்தாலும் ஒன்றுதான். அதன் பெயர்மாற்றங்களிலோ வரிசை பிசகினால் விடையும் பிசகும். இவ்வளவு சாதுவான குலத்துக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

சமனி உறுப்பான e-யை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இஷ்டப்படி கலைக்கலாம் என்று இதிலிருந்து பொதுவிதி செய்துகொள்வது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நான்கு உறுப்புகள் கொண்ட மற்றொரு குலத்திலேயே அது உடைகிறது. சதுரத்தை 0, 90, 180, 270 பாகை சுழற்றும் குலத்தில், 90-ஐ இருமுறை செய்தால் 180. 180-ஐ இருமுறை செய்தால் பழைய நிலை. ஆகவே 180 தனித்து அடையாளம் தெரியும் உறுப்பு, அதை அசைக்க முடியாது. 90-உம் 270-உம் மட்டும் மாறிக்கொள்ளலாம். ஆறு கலைப்புகளில் தேறுபவை இரண்டே.

செங்கல்லிலேயே இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். சுழற்சிகளோடு கண்ணாடிப் பிரதிபலிப்புகளையும் சேர்த்தால், மூன்று குறிகளையும் நம் விருப்பப்படி வைக்கலாம். எட்டு உறுப்புகள் கிடைக்கும். இங்கும் ஒவ்வொன்றும் தன்னைத் தானே பெருக்கினால் e. பார்வைக்கு V-யின் பெரிய அண்ணன். e தவிர்த்த ஏழையும் 5040 விதமாகக் கலைக்கலாம். ஆனால் (−, +, +)-ஐயும் (+, −, +)-ஐயும் மட்டும் இடம்மாற்றி மற்ற ஐந்தையும் விட்டுப் பாருங்கள். முதலாவதை (+, +, −)-ஆல் பெருக்கினால் வருவது (−, +, −). பெயர் மாற்றியபின் அந்தப் பெருக்கல் (+, −, −)-ஐத் தர வேண்டும். ஆனால் நாம் (−, +, −)-ஐ நகர்த்தவே இல்லை. அட்டவணை பொய்யாகிவிட்டது. இங்கே முதல் உறுப்பை அனுப்ப ஏழு இடம், இரண்டாவதற்கு ஆறு. அவற்றின் பெருக்கல் தானாக முடிவாகிவிடுவதால் மூன்றாவதற்கு நான்குதான். 7 × 6 × 4 = 168. அதாவது 30 கலைப்புகளுக்கு ஒன்றுதான் தேறுகிறது. V-யில் எல்லாமே தேறக் காரணம், அங்கே இரண்டை வைத்தவுடன் மிஞ்சுவது ஒன்றே ஒன்று, அதுவே விடையும் ஆகிவிடுவதுதான்.

இந்த ஆறு பெயர்மாற்றங்களையும் கண்ணால் பார்க்க முடியுமா? செங்கல்லை வைத்து முடியாது. நீள அச்சு அகல அச்சின் இடத்துக்கு வந்தால் செங்கல் தன் இடத்தில் பொருந்தாது. மூன்று அளவுகளையும் சமமாக்கிக் கனசதுரம் ஆக்கினால் முடியும். கனசதுரத்துக்கு 24 சுழற்சிகள் உண்டு. உயர அச்சைச் சுற்றிக் கால்சுற்று சுழற்றினால் மற்ற இரண்டு அச்சுகளும் இடம்மாறுகின்றன, அது σ. எதிரெதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டத்தைப் பிடித்து 120 பாகை சுழற்றினால் மூன்று அச்சுகளும் ஒன்றன் இடத்துக்கு ஒன்றாகச் சுற்றி வருகின்றன. திசையைச் சரியாகத் தேர்ந்தால் அது τ. எந்த அச்சையும் இடம்மாற்றாதவை e, a, b, c என்ற நம் நான்கு மட்டுமே. ஆகவே 24 சுழற்சிகளும் நான்கு நான்காகச் சேர்ந்து ஆறு பெயர்மாற்றங்களைத் தருகின்றன, 24 ÷ 4 = 6.

கனசதுரத்துக்கு மூலைவிட்டங்கள் நான்கு. அந்த 24 சுழற்சிகளும் இந்த நான்கையும் கலைக்கும் 24 விதங்களாகவே அமைகின்றன. a, b, c ஒவ்வொன்றும் நான்கையும் இரண்டு ஜோடிகளாகப் பிரித்து, ஜோடிக்குள் இடம்மாற்றுகிறது. நான்கு பொருள்களை இரண்டு ஜோடிகளாகப் பிரிக்க மூன்றே வழி, அவையே மூன்று அச்சுகள்.

நான்காம் படிச் சமன்பாட்டைத் தீர்க்க முடிவதற்குக் காரணமும் இதுவே. ஃபெராரி கண்ட தீர்வு முறையைக் கார்டானோ தம் நூலில் 1545-இல் வெளியிட்டார். அது ஏன் வேலை செய்கிறது என்பதை 1770-71-இல் லக்ராஞ்சு விளக்கினார். மூலங்கள் 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்வோம். ஜோடிகளாகப் பிரித்துப் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பவை மூன்று:

```
1·2 + 3·4 = 14
1·3 + 2·4 = 11
1·4 + 2·3 = 10
```

1-ஐயும் 2-ஐயும் இடம்மாற்றினால் 14 அப்படியே இருக்க, 11-உம் 10-உம் மாறிக்கொள்கின்றன. அதோடு 3-ஐயும் 4-ஐயும் சேர்த்து மாற்றினால் மூன்றும் அசையாமல் நிற்கின்றன, அது V-யின் வேலை. மூலங்களை 24 விதமாகக் கலைத்தாலும் இந்த மூன்று எண்களுக்குள் ஆறு விதக் கலைப்புதான் நடக்கும். அதனால் அவை ஒரு மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு மூலங்களாகின்றன. முதலில் அதைத் தீர்த்து, அந்த விடைகளைக் கொண்டு வர்க்கமூலங்கள் எடுத்தால் பழைய நான்கு மூலங்களும் வந்துவிடும். ஐந்து எழுத்துகளின் சமச்சீர் குலத்தில் V-யைப் போல இப்படி வழிவிடும் சிறிய குலம் எதுவும் இல்லை. ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு இத்தகைய பொதுச் சூத்திரமும் இல்லை.