வெயிலில் தெரியாத மேப் எதற்கு?

சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450, 2023-இல் சந்தைக்கு வந்தபோது, அதன் ஹேண்டில் பாருக்கு நடுவில் வட்டமான 4 அங்குலக் கலர் திரை ஒன்று இருந்தது. அதற்கு ட்ரிப்பர் டாஷ் என்று பெயர். 2020-இல் மீட்டியார் 350-இல் வந்த ட்ரிப்பர், திரும்ப வேண்டிய திசையை அம்புக்குறியாக மட்டுமே காட்டியது. புதிய திரையில் கூகுள் மேப் முழுதாகவே விரிகிறது.

மேப்பை இயக்குவது ஓட்டுபவரின் போன்தான். ராயல் என்ஃபீல்ட் ஆப்பில் போகுமிடத்தைத் தேர்ந்தெடுத்தால், போனிலிருந்து வைஃபை வழியாகப் படம் திரைக்கு வருகிறது. பலருக்கும் சிக்கல் தொடங்குவது இங்கேதான். டாஷின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது என்பதால், 'இணைப்பைத் தொடரவா?' என்று சில போன்கள் கேட்கும். 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் மேப் போய்விடும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று போனே ஆப்பை நிறுத்திவிடுவதும் உண்டு. பேட்டரி சேமிப்பிலிருந்து அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்து, லொகேஷன் அனுமதியையும் தந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஜிபிஎஸ், வைஃபை, மொபைல் டேட்டா மூன்றும் சேர்ந்து ஓடுவதால் போன் சூடாகும், சார்ஜும் வேகமாக இறங்கும். நெடும்பயணத்தில் சார்ஜர் வயர் கட்டாயம்.

அடுத்தது தீம். கறுப்புப் பின்னணி கடையில் பார்க்க அழகு. உச்சிவெயிலில் அதே கறுப்பு கண்ணாடியாகிவிடும். வேகத்தைப் பார்க்கக் குனிந்தால் சொந்தச் சட்டைதான் தெரியும். திரையின் வெளிச்சத்தைக் கறுப்புப் பின்னணி அடைத்துவிடுவதால், மேலே விழும் பிரதிபலிப்பு எழுத்தை விழுங்கிவிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் திரை முழுவதும் ஒளிர்வதால் பிரதிபலிப்பு அடங்கி, கறுப்பு எழுத்து துலங்கும். இரவில் இதே வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், அப்போது கறுப்புதான் சரி.

பெங்களூர் சாலையில் மாலை நேரம் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிச் சென்னைக்கு வருபவருக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தோளைத் தாண்டி வெயில் நேரே திரையில் விழுகிற அந்த நேரம்தான் மிக மோசம். பகல்-இரவு தீமைத் தானாக மாற்றும் வசதியை நம்பிப் புறப்பட்டாலும், மர நிழலில் திரை கறுப்புக்குத் தாவுவதாகத் தெரிந்தால் பகல் தீமிலேயே நிறுத்திவைப்பது நல்லது.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் தீமைக் குறை சொல்லுமுன் தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சாய்த்ததும் திரையின் வெளிச்சம் கூடினாலோ குறைந்தாலோ காரணம் கண்ணாடிதான். எந்த தீமும் அதைச் சரிசெய்யாது.

வண்டியை நண்பகல் வெயிலில் நிறுத்தி, ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டபடி ஒரு நொடி மட்டும் திரையைப் பாருங்கள். வேகமும் அடுத்த திருப்பமும் அந்த ஒரு நொடியில் பிடிபடவில்லை என்றால், கிளம்புவதற்கு முன்பே தீமை மாற்றிவிடுங்கள்.